தினமும் பார்க்கும் முகம், இன்னும் பேசியதில்லை: சென்னை பார்க், ஜிம் பேச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணு மாசமா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கிட்டே இருக்கோம். இப்போ திடீர்னு போய்ப் பேசினா ஒரு மாதிரி இருக்காதா?

இருக்காது. தலையாட்டும்போதே "உங்களை எனக்குத் தெரியும்" என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. பெரும்பாலும் எதிரில் இருப்பவரும் இதையே நினைத்துக்கொண்டு, நீங்கள் ஆரம்பிப்பீர்கள் என்று விட்டிருப்பார்.

விசித்திரமாகத் தெரிவது பேசுவதல்ல, அளவு மீறுவதுதான். நேற்றுவரை தலையாட்டியவர் இன்று பக்கத்தில் வந்து நடந்தபடி பேர், வேலை, வீடு என்று அடுக்கினால் யாருக்கும் கூச்சமாக இருக்கும். முதல் நாள் ஒரே ஒரு வாக்கியம், அதற்கு அவர் சொல்லும் பதில், அவ்வளவோடு நகர்ந்துவிடுங்கள். மறுநாள் நீங்கள் ஏற்கெனவே பேசிப் பழகியவர் ஆகிவிடுவீர்கள்.

நடக்கும்போதே பேசலாமா, இல்ல அவர் நிற்கும்வரை காத்திருக்கணுமா?

கொஞ்சம் கணக்குப் போட்டால் பதில் கிடைத்துவிடும். நடைபாதைச் சுற்று 400 மீட்டர், நீங்கள் இருவரும் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்ப்படுவீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் குரல் எட்டும் தூரத்தில் இருப்பது மூன்று நான்கு விநாடிதான். முக்கால் மணி நேர நடையில் சுமார் 18 சந்திப்பு, எல்லாம் சேர்த்தாலும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். தலையாட்டல் மாதக்கணக்கில் தலையாட்டலாகவே நிற்பதற்குக் காரணம் உங்கள் கூச்சம் மட்டும் இல்லை, எதிர்ச்சுற்றும்தான். (18 முறையும் சிரிக்க வேண்டியதில்லை. முதல் சந்திப்பில் ஒரு தலையாட்டல் போதும், பிறகு பார்வையைப் பாதையில் வைத்துக்கொண்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.)

ஒரே திசையில் நடந்தால் கணக்கு மாறுகிறது. அவர் மணிக்கு 5, நீங்கள் 5.5 என்றால் அவரை நெருங்கிக் கடந்து போக ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். ஒரு வாக்கியத்துக்கும் அதன் பதிலுக்கும் அது தாராளம். பேசி முடித்ததும் இயல்பாகவே முன்னே போய்விடுவீர்கள், விடைபெறும் சங்கடமும் இல்லை. ஆனால் வேர்க்க விறுவிறுக்க நடப்பவரிடமும் ஓடுபவரிடமும் இது எடுபடாது. அவருக்கு மூச்சு வாங்கும், பதில் துண்டு துண்டாக வரும், அதைக் கோபம் என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல இடம் நின்றுகொண்டிருக்கும் இடம்தான். ஷூ லேஸ் கட்டும் பெஞ்ச், தண்ணீர்க் குழாய், வண்டி நிறுத்துமிடம், வாசலில் அருகம்புல் ஜூஸும் கொள்ளு சூப்பும் விற்கும் தள்ளுவண்டி. சூப் வண்டிக்கு நிகர் கிடையாது. கையில் சூடான டம்ளர் இருக்கும்போது யாரும் அவசரப்பட முடியாது, அது காலியானதும் பேச்சும் தானாக முடிந்துவிடும்.

முதல் வாக்கியம் என்னதான் சொல்றது? வாய் திறந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது.

இரண்டு பேர் கண்ணுக்கும் அந்த நேரத்தில் தெரிகிற ஏதாவது ஒன்று. "இன்னைக்கும் குழாய்ல தண்ணி வரலை போல." "மழை விட்டும் அந்த மூலையில இன்னும் தேங்கி நிக்குது, பார்த்து வாங்க." "கேட்டு இன்னைக்கு லேட்டாத்தான் திறந்தாங்களா?" இவற்றுக்கு "ஆமா சார்" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எதிராளியை நெருக்காத வாக்கியமே முதல் நாளுக்கு ஏற்றது.

விளக்கு எரியாதது, நடைபாதைக் கல் பெயர்ந்தது போன்ற குறைகள் இன்னும் வசதி. "அந்த ரெண்டு லைட்டும் ஒரு வாரமா எரியலையே, 1913-க்கு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு நீங்களே மாநகராட்சி எண்ணுக்குப் புகார் கொடுத்துவிடுங்கள். மறுநாள் அவராகவே "என்ன ஆச்சு, வந்தாங்களா?" என்பார். இரண்டாம் நாளுக்கான பேச்சும் கையில் இருக்கிறது.

தவிர்க்க வேண்டியது "டெய்லி வருவீங்களா?" தினமும் அவரைப் பார்த்துத் தலையாட்டியவர் கேட்டால் அது பொய்யாக ஒலிக்கும். அதற்குப் பதில், அவர் ஓரிரு நாள் வராமல் இருந்து திரும்பி வரும்போது "ரெண்டு நாளா ஆளைக் காணோமே?" என்று கேளுங்கள். நம் ஊரில் இதற்கு மிஞ்சிய தொடக்கம் இல்லை. தான் வராததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது யாருக்கும் பிடிக்கும். (ஆண் ஒரு பெண்ணிடம் இதையே கேட்டால் அர்த்தம் மாறிவிடும். கீழே அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.)

சார், அண்ணா, அங்கிள், ப்ரோ... எதைச் சொல்லிக் கூப்பிடறது?

பார்க்கில் ஆண்களுக்கு "சார்", பெண்களுக்கு "மேடம்". இந்த இரண்டும் எந்த வயதுக்கும் தப்பாகாது. முப்பதைத் தாண்டிய நீங்கள் ஐம்பதில் இருப்பவரை "அங்கிள்" என்றால் அவர் முகம் சுருங்கும். "ஆன்ட்டி" அதைவிட மோசம், பேச்சு அத்தோடு முடியக்கூடும். ஒரு பெண் தன்னைவிடக் கொஞ்சம் பெரியவரை "அக்கா" என்பது இயல்பு. நன்றாக மூத்தவர்களுக்கு "அம்மா", "ஐயா". மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் சில பெஞ்சுகளில் "மாமா", "மாமி" புழங்கும். அது அவர்கள் வட்டத்துச் சொல், வெளியிலிருந்து வருபவர் முதல் நாளே எடுத்துக்கொள்ள வேண்டாம். காவலாளி, சூப் வண்டிக்காரர், தோட்ட வேலை செய்பவர் எல்லாருக்கும் "அண்ணா", "அக்கா".

ஜிம்மில் ஏறக்குறைய சம வயது என்றால் "ப்ரோ", கொஞ்சம் பெரியவர் என்றால் "அண்ணா", சொல்லிக்கொடுப்பவர் "மாஸ்டர்". நாற்பதைத் தாண்டியவர்கள் பலருக்கு "ப்ரோ" பிடிப்பதில்லை, அங்கேயும் "சார்" காப்பாற்றும்.

எங்கேயும் "நீங்க"தான். பெரியவர் ஒருநாள் "என்னப்பா, வா" என்று இறங்கினால் அது நெருக்கம், சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பக்கம் "நீங்க" அப்படியே இருக்கட்டும்.

ஜிம்ல எல்லாரும் காதுல இயர்பட்ஸ் மாட்டிட்டு இருக்காங்க. எப்போதான் பேசறது?

இரண்டு செட்டுக்கு நடுவே. பெஞ்ச் பிரஸ், ஸ்குவாட் மாதிரி கனமானவற்றுக்குப் பலரும் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு எடுப்பார்கள். அதில் முதல் அரை நிமிடம் மூச்சு வாங்கும், கடைசி அரை நிமிடம் அடுத்த செட்டுக்கு மனசைத் தயார் செய்வார்கள். நடுவில் இருக்கும் நேரம்தான் உங்களுடையது. கை, தோள் பயிற்சிகளில் ஓய்வு ஒரு நிமிடம்தான் இருக்கும், அங்கே ஒரு வரிக்கு மேல் வேண்டாம். கம்பியில் கை வைத்துவிட்டவரிடமும், எடைக்கு அடியில் இருப்பவரிடமும் எதுவும் பேசக் கூடாது. இது மரியாதை மட்டுமில்லை, கவனம் சிதறினால் அடிபடும்.

இயர்பட்ஸைத் தடையாக நினைக்க வேண்டாம். கண்ணாடி வழியாக அவர் உங்களைப் பார்த்துத் தலையாட்டினால் அது நேரில் தலையாட்டியதுதான். நீங்கள் வாயசைத்ததும் ஒரு காதிலிருந்து கழற்றினால் கேட்கத் தயார். கழற்றாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினால் கேள்வியை முடித்து நகருங்கள்.

முதல் பேச்சு உபகரணம் பற்றியே இருக்கட்டும். "இன்னும் எத்தனை செட் இருக்கு ப்ரோ?" இரண்டுக்கு மேல் என்றால், "நடுவுல நான் ஒரு செட் போட்டுக்கட்டுமா?" என்று கேட்கலாம். மாற்றி மாற்றிச் செய்யும்போது அவர் ஓய்வு உங்கள் செட், உங்கள் ஓய்வு அவர் செட். அந்தக் கால் மணி நேரத்தில் மூன்று நான்கு முறை முகம் பார்த்துப் பேசிவிடுவீர்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 20 கிலோ கம்பியில் அவர் ஒவ்வொரு பக்கமும் 20 போட்டு 60 கிலோ தூக்குகிறார், உங்களுக்கு 40 போதும் என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் பிளேட் மாற்ற வேண்டும். அதை நீங்கள்தான் மாற்றி, அவர் எடையைத் திரும்ப ஏற்றியும் வைக்க வேண்டும். சோம்பல் பட்டால் கேட்காதீர்கள். எடை வித்தியாசம் இதைவிட அதிகம் என்றாலும் வேண்டாம்.

ஒருத்தர் "கொஞ்சம் சப்போர்ட் குடுங்க"ன்னு கூப்பிட்டார். சொதப்பிட்டா?

பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை ரெப்ஸ் போகப் போகிறார், ஸ்டாண்டிலிருந்து தூக்கிக் கொடுக்க வேண்டுமா, எப்போது பிடிக்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு கம்பியையே பாருங்கள். பொதுவாகச் சொதப்புவது பிடிக்காமல் விடுவதால் இல்லை, முந்திப் பிடிப்பதால். கம்பி மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் தொட்டுவிட்டால் அந்த ரெப் அவர் கணக்கில் சேராது, முகத்தில் எரிச்சல் தெரியும். கம்பி நின்றுவிட்டால், அல்லது கீழே இறங்க ஆரம்பித்தால், அல்லது அவர் குரல் கொடுத்தால் உடனே இரண்டு கையாலும் பிடித்து ஸ்டாண்டில் சேர்க்க வேண்டும். அவர் எடை உங்களால் தாங்கக்கூடியதா என்று சந்தேகம் இருந்தால் "மாஸ்டரைக் கூப்பிடட்டுமா?" என்று நேராகச் சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் பத்து நாள் பேச்சுக்குச் சமம். ஆனால் உங்களை யாரும் கேட்காமல், அவர் முதுகு வளைகிறது, முழங்கை விரிகிறது என்று திருத்தப் போகாதீர்கள். சொல்வது சரியாகவே இருந்தாலும் பேச்சுக்கான கதவு மூடிவிடும். ஆபத்தாகத் தெரிந்தால் மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

பேசினேன். "ம்" மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். அவமானமா போச்சு.

ஒரு "ம்"-ஐ வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. போனில் கேட்டுக்கொண்டிருந்திருப்பார், சுற்று எண்ணிக்கொண்டிருந்திருப்பார், சுலோகம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். காலை நடையில் கந்த சஷ்டி கவசம் முடிக்கும்வரை வாய் திறக்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள். மறுநாள் பேச வேண்டாம், பழையபடி தலை மட்டும் ஆட்டுங்கள். அவர் பதிலுக்கு ஆட்டினால் உங்கள்மேல் வருத்தம் எதுவும் இல்லை. ஒரு வாரம் விட்டு இன்னொரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது முறையும் "ம்" என்றால் அவருக்குத் தலையாட்டலே போதும். விருப்பம் இருக்கிறவரை அடையாளம் காண்பது சுலபம்: பதிலோடு ஒரு துண்டுச் செய்தி சேர்ந்து வரும். "ஆமா" என்பது ஒன்று, "ஆமா, போன வருஷமும் இங்கேதான் தேங்குச்சு" என்பது இன்னொன்று. அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கேள்வி வர வேண்டும்.

தண்ணி, மழை, லைட்டு எல்லாம் பேசியாச்சு. அடுத்து என்ன?

அந்த இடத்தின் பழைய கதை. பார்க்கில் தினமும் வரும் பெரியவர்கள் பலர் இருபது முப்பது வருடமாக அதே பேட்டையில் இருப்பவர்கள். அண்ணா நகர் டவர் 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது, பல வருடம் மேலே ஏற விடாமல் மூடி வைத்திருந்து 2023-இல் திறந்தார்கள். "முன்னாடி மேல போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டால் போதும். செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. காருக்கே தட்டு வந்த காலத்தைச் சொல்ல ஆள் காத்திருப்பார். ஷெனாய் நகரில் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த வருடங்களில் எங்கே நடந்தீர்கள் என்று கேட்டாலே அரை மணி நேரம் ஓடும். உங்கள் பேட்டையிலும் இப்படி ஒன்று இருக்கும், தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஏரி. அக்டோபர் முதல் டிசம்பர்வரை செம்பரம்பாக்கம் 24 அடியில் எத்தனைக்கு வந்தது, திறந்துவிடுவார்களா என்பது சென்னையில் எல்லாரும் பேசும் விஷயம். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சாதாரணமாக இழுக்காதீர்கள். முடிச்சூர், கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை பக்கம் வீட்டையும் சில சமயம் ஆளையும் இழந்தவர்கள் உண்டு. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், குறுக்கே உங்கள் வீட்டு வாசல்வரை தண்ணீர் வந்த கதையைச் சொல்ல வேண்டாம்.

ஒரு சார் பிடிச்சா விடவே மாட்டேங்கறார். வாக்கிங்கே போகுது. எப்படிக் கழண்டுக்கறது?

முடிவை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவதுதான் வழி. "குட் மார்னிங் சார், இன்னைக்கு ஏழரைக்குக் கிளம்பணும், நாலு ரவுண்டு பாக்கி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பேச ஆரம்பியுங்கள். பிறகு பாதியில் "சரி சார், அந்த நாலு ரவுண்டை முடிச்சுட்டு வரேன்" என்றால் அது தப்பிப்பதாகத் தெரியாது. "போறேன்" வேண்டாம், "வரேன்"தான். பேசும் விஷயம் நடுவில் அறுந்தால் "நாளைக்கு மிச்சத்தைச் சொல்லுங்க" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே நாளைக்குக் கேட்கவும் வேண்டும்.

உட்காராமல் இருப்பதும் உதவும். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க ஒரு காரணம் தேவைப்படும். நின்றபடி பேசினால் கால் தானாக நகரும்.

பேசிப் பழகி மாசக்கணக்காச்சு, பேரு தெரியாது. இப்போ கேட்டா தப்பா நினைப்பாரோ?

அவருக்கும் உங்கள் பேர் தெரியாது என்பது ஏறக்குறைய நிச்சயம். அவர் வீட்டில் நீங்கள் "அந்த ஐ.டி. பையன்", உங்கள் வீட்டில் அவர் "பேங்க் சார்". உங்கள் பேரை முதலில் சொல்லுங்கள்: "இவ்வளவு நாளா பேசறோம், பேரே சொல்லலை பாருங்க, நான் கார்த்திக்." தொண்ணூறு சதவீதம் அவர் பேர் அடுத்த மூச்சில் வந்துவிடும். போன் நம்பர் மாற்றிக்கொள்ளும் நாள் வந்தால் இன்னும் சுலபம்: "பேரை எப்படி சேவ் பண்ணட்டும் சார்?" அவர் இனிஷியலோடு சொல்வார், நீங்கள் மறந்ததாகவே தெரியாது.

பெஞ்ச்ல ஏழெட்டுப் பேர் ஒரு செட்டா உட்கார்ந்திருக்காங்க. அதுல எப்படிச் சேர்றது? முழுசா ஒரு உதாரணம் சொல்லுங்க.

கும்பலிடம் நேராகப் போய்ப் பேசாதீர்கள், கும்பலில் ஒருவரிடம் பேசுங்கள். ஓய்வு பெற்றவர்கள் எட்டுப் பேர் ஆறே முக்காலுக்குக் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கவனித்தால் ஒருவர் எப்போதும் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். உங்கள் ஆள் அவர்தான். திங்கள் அன்று பெஞ்சின் மறு ஓரத்தில் லேஸ் கட்டியபடி, "இன்னைக்கு அவங்க யாரும் வரலையா சார்?" "வருவாங்க, வருவாங்க. ஆறே முக்காலுக்குத்தான்." அத்தோடு எழுந்து நடையைத் தொடருங்கள். புதன் அன்று அவரே "இன்னைக்கு நீங்க லேட்டு" என்பார். சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை, பேப்பர் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாம். அடுத்த வாரம் அவர் கூட்டத்தோடு இருக்கும்போது கடந்து போகையில் அவருக்கு மட்டும் வணக்கம் சொல்லுங்கள். மற்ற ஏழு பேரும் "யாரு?" என்று அவரைக் கேட்பார்கள். அவர்தான் உங்களைப் பற்றிச் சொல்வார், நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் "உட்காருங்க, டீ சாப்பிட்டுப் போங்க" என்பார்கள். இங்கேதான் புதியவர்கள் சறுக்குவது. முந்திக்கொண்டு எல்லாருக்கும் காசு கொடுத்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் இன்று யார் முறை என்று ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கும், அதை உடைத்தால் பெரிய மனுஷன் காட்டுவதாகப் படும். முதல் நாள் அவர்கள் வாங்கித் தருவதைக் குடியுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, "இன்னைக்கு என் கணக்கு சார்" என்று சொல்லிக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கச் சொல்லி நீங்களாகக் கேட்க வேண்டாம். சேர்த்தால் காலை வணக்கப் படங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள், உடனே வெளியேறினால் மறுநாள் பெஞ்சில் விசாரணை நடக்கும்.

சொந்த ஊர் எது, எந்தத் தெரு, வெஜ்ஜா நான்-வெஜ்ஜான்னு நோண்டறாங்க. என்ன பதில் சொல்றது?

எல்லா ஊர்க் கேள்வியும் ஒன்றல்ல. "சொந்த ஊர் எது?" என்று கேட்டு, "ஓ, தென்காசியா, குற்றாலம் சீசன் இருக்கா?" என்று போனால் அது வெறும் பேச்சு. ஊருக்குப் பிறகு தெரு, தெருவுக்குப் பிறகு குலதெய்வம், அப்பா பேர், சாப்பாடு என்று வரிசையாக இறங்கினால் சாதியைத் தேடுகிறார்கள். மாவட்டத்தோடு நிறுத்திக்கொண்டு கேள்வியைத் திருப்பிவிடுங்கள்: "திருநெல்வேலி பக்கம் சார். நீங்க மெட்ராஸேவா?" மீண்டும் நோண்டினால் "அதெல்லாம் எதுக்கு சார் காலங்காத்தால" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். கேட்பவருக்குப் புரியும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் புரியும். மூன்றாம் முறையும் கேட்பவருக்குத் தலையாட்டல் போதும்.

சம்பளம், வாடகை, கல்யாணம், குழந்தை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். நீங்களும் மற்றவர்களைக் கேட்காதீர்கள். முக்கியமாகக் குழந்தை பற்றி.

கட்சி, தேர்தல்னு ஆரம்பிச்சுட்டா?

கேளுங்கள், பதில் சொல்லாதீர்கள். "நீங்க சொல்றது அப்படி" என்று ஒரு நடுவாந்திர வாக்கியம் போதும். அவர்கள் பத்து வருடமாக அதே சண்டையைப் போட்டுவிட்டு ஒன்றாக டீ குடிப்பவர்கள். உங்களுக்கு அந்த உரிமை இன்னும் வரவில்லை.

நான் பொண்ணு. பதிலுக்குத் தலையாட்டினதையே சிலர் வேற மாதிரி எடுத்துக்கறாங்க. என்ன பண்றது?

தலையாட்டல் உங்கள் தப்பில்லை, அதைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. நடையை நிறுத்தாமல் பதில் சொல்லுங்கள். நின்றால்தான் பேச்சு நீளும். எந்த நேரம் வருவீர்கள், எந்தப் பக்கம் வீடு, தனியாகவா என்பதற்கெல்லாம் பதில் வேண்டாம், "பக்கத்துலதான்" போதும். ஒருவர் உங்கள் நேரத்துக்கும் திசைக்கும் ஏற்பத் தன்னுடையதை மாற்றிக்கொள்கிறாரா என்று பார்க்க, ஒருநாள் பாதிச் சுற்றில் திரும்பி நடந்து பாருங்கள். அவரும் திரும்பினால் சந்தேகத்துக்கு இடமில்லை. காவலாளியிடமும் அங்கே வழக்கமாக வரும் பெண்களிடமும் சொல்லிவையுங்கள். தொந்தரவு நின்றபாடில்லை என்றால் பெண்கள் உதவி எண் 181.

பழக ஆள் வேண்டும் என்றால் காலையில் யோகா, மனவளக்கலை செய்யும் குழுக்களில் பெண்கள் இருக்கும் பக்கம் போய் "நானும் பண்ணலாமா அக்கா?" என்று கேளுங்கள். அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படாது. ஒருவர் தெரிந்துவிட்டால் முழுப் பார்க்கிலும் உங்களுக்கு ஆள் இருக்கும்.

நான் ஆண். தினமும் பார்க்கற ஒரு மேடம்கிட்ட சாதாரணமாத்தான் பேசணும். தப்பா படாம எப்படி?

நாலு பேர் இருக்கும் இடத்தில் மட்டும் பேசுங்கள்: சூப் வண்டி, வாசல். ஆள் இல்லாத வளைவிலோ, பின்னாலிருந்து வந்தோ வேண்டாம். "ரெண்டு நாளா காணோமே" வேண்டாம், அவரைக் கணக்கெடுப்பதாகப் படும். உடை, உடம்பு பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. ஜிம்மில் அவர் செட் நடுவே போகவே வேண்டாம், "இந்த மெஷின் முடிஞ்சுதா மேடம்?" போதும். மேலே சொன்ன "ம்" கணக்கு இங்கே இன்னும் கறாரானது: ஒரு "ம்" வந்தாலே நிறுத்திக்கொள்ளுங்கள், இரண்டாவது முயற்சி கிடையாது.

ஒருத்தர் ரொம்ப நாள் கழிச்சு வந்தார், ஆள் பாதியா இருந்தார். "நல்லா இளைச்சுட்டீங்களே"ன்னு பாராட்டினேன், முகம் மாறிடுச்சு. என்ன தப்பு?

ஐம்பதைத் தாண்டியவரிடம் "இளைச்சுட்டீங்க" என்பது பெரும்பாலும் பாராட்டாகப் போய்ச் சேராது. சர்க்கரை, ஆஸ்பத்திரி, துக்கம் எல்லாவற்றிலும் ஆள் இளைப்பார். முயன்று குறைத்தவர் தானே சொல்லிவிடுவார், அப்போது பாராட்டலாம். அதுவரை உடம்பைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.

நீண்ட நாள் வராதவர் திரும்பினால் "ஊர்ல இல்லையா சார்?" என்று கேளுங்கள், "உடம்பு சரியில்லையா?" என்று வேண்டாம். முதல் கேள்விக்கு "ஆமா, பையன் வீட்டுக்குப் போயிருந்தேன்" என்று சொல்லி விஷயத்தை மறைக்கவும் அவருக்கு இடம் இருக்கிறது, "இல்லப்பா, ஒரு ஆபரேஷன்" என்று சொல்லவும் இடம் இருக்கிறது. ஆபரேஷன் என்றால் என்ன, எங்கே, எவ்வளவு செலவு என்று போகாமல், "இன்னைக்கு எத்தனை ரவுண்டு போகலாம்னு சொல்லியிருக்காங்க?" என்று கேட்டு, அத்தனை ரவுண்டு அவர் வேகத்தில் கூட நடங்கள். இன்னும் திரும்பாதவரைப் பற்றி என்றால் முதலில் காவலாளியையோ சூப் வண்டிக்காரரையோ விசாரியுங்கள், யார் வந்தார் யார் வரவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். துக்கச் செய்தி என்றால் பெஞ்சுக்காரர்களில் யாராவது வீட்டுக்குப் போகும்போது சேர்ந்து போங்கள். அங்கே "நான் பார்க்ல பார்ப்பேன்" என்ற அறிமுகம் போதும்.